பூட்டிய பி.டி.எஃப்-உடன் செல்லும் கடிதம்: வாடிக்கையாளருக்கு எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது?

வருமான வரிக் கணக்குகளைத் தயாரித்துத் தாக்கல் செய்து கொடுக்கும் ஒரு சிறிய தணிக்கையாளர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவருக்கு அவருடைய வரிக் கணக்கீட்டுத் தாளை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். மூன்றே பக்கங்கள்தான். ஆனால் அவற்றில் அவருடைய பான் எண், பிறந்த தேதி, வீட்டு முகவரி, ஓய்வூதியத் தொகை, இரண்டு வங்கிகளின் கணக்கு எண்கள், வைப்புத் தொகைகளுக்கு வந்த வட்டி ஆகிய அனைத்தும் இருக்கின்றன. எனவே அலுவலகம் அந்த பி.டி.எஃப் கோப்பைக் கடவுச்சொல் இட்டுப் பூட்டி, "இணைப்பைப் பார்க்கவும், பாஸ்வேர்டு உங்கள் பிறந்த தேதி" என்று ஒரே வரியில் மின்னஞ்சல் எழுதி அனுப்பிவிடுகிறது.

பத்து நிமிடத்தில் தொலைபேசி அழைப்பு வருகிறது. "தம்பி, இது நீங்க அனுப்பினதுதானா? பக்கத்துல ஏதோ எச்சரிக்கை காட்டுதே. பிறந்த தேதியைப் போட்டுப் பார்த்தேன், திறக்க மாட்டேங்குது."

நான் பணியாற்றிய அலுவலகத்தில் இப்படிப்பட்ட அழைப்புகளுக்குப் பல ஆண்டுகள் பதில் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. யார் அனுப்பியது, ஏன் பூட்டப்பட்டிருக்கிறது, எதைத் தட்டச்சு செய்ய வேண்டும், திறக்கவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்ற நான்குக்கும் அந்த ஒற்றை வரியில் விடை இல்லை. அதைவிடப் பெரிய குறை, பூட்டையும் சாவியையும் அந்த வரி ஒரே உறையில் போட்டு அனுப்பிவிட்டது. இக்கட்டுரை அந்த மின்னஞ்சலைத் திருத்தி எழுதும் முறையை விளக்குகிறது.

முதலில் பூட்டைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். பி.டி.எஃப் கோப்புக்கு இரண்டு வகைக் கடவுச்சொற்கள் இடலாம். ஒன்று, கோப்பைத் திறக்கவே கேட்கப்படும் கடவுச்சொல். இதை இட்டால் கோப்பின் உள்ளடக்கம் முழுவதும் மறைகுறியாக்கம் செய்யப்படுகிறது; சரியான சொல் கிடைக்காதவரை உள்ளே இருப்பது பொருளற்ற குறிகளாகவே இருக்கும். மற்றொன்று, அச்சிடுதல், நகலெடுத்தல், திருத்துதல் ஆகியவற்றைத் தடுப்பதற்கான உரிமையாளர் கடவுச்சொல். இதை மட்டும் இட்ட கோப்பை எவரும் திறந்து படிக்கலாம். அச்சிடாதே என்ற கட்டளையை மதிப்பதும் மதிக்காமல் விடுவதும் அந்தக் கோப்பைத் திறக்கும் மென்பொருளின் விருப்பம். ஆகவே வாடிக்கையாளரின் தகவலைக் காப்பதற்கு முதல் வகைக் கடவுச்சொல்தான் உதவும். இரண்டாவது வகையை மட்டும் இட்டுவிட்டு "பாதுகாப்பாக அனுப்பியுள்ளோம்" என்று கடிதத்தில் எழுதுவது உண்மைக்குப் புறம்பானது.

லிப்ரே ஆபீசில் பி.டி.எஃப் ஆக ஏற்றுமதி செய்யும்போது Security என்ற பகுதியில் Set Passwords என்பதை அழுத்தி இந்தக் கடவுச்சொல்லை இடலாம். வேர்டில் பி.டி.எஃப் ஆகச் சேமிக்கும்போது Options உள்ளே Encrypt the document with a password என்ற தேர்வு இருக்கிறது. ஏற்கெனவே தயாரான பி.டி.எஃப்-ஐப் பூட்டுவதற்கு, qpdf என்ற இலவசக் கருவியில் ஒரே கட்டளை போதும்:

```
qpdf --encrypt திறக்கும்சொல் உரிமையாளர்சொல் 256 -- asal.pdf pootiya.pdf
```

இதில் 256 என்பது மறைகுறியாக்கச் சாவியின் நீளம், பிட் கணக்கில். அந்த நீளமுள்ள சாவியை எந்தக் கணினியாலும் ஊகித்துக் கண்டுபிடிக்க இயலாது. ஆனால் இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். உடைக்க நினைப்பவர் அந்தச் சாவியைத் தேட மாட்டார். நாம் இட்ட கடவுச்சொல்லைத்தான் ஊகிப்பார்.

பிறந்த தேதியையே கடவுச்சொல்லாக இட்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஓர் ஆண்டுக்கு 365 நாள். லீப் ஆண்டுகளின் கூடுதல் நாள்களையும் சேர்த்தால் நூறு ஆண்டுகளில் மொத்தம் 36,525 தேதிகள். எட்டு இலக்கங்கள் இருப்பதால் கோடிக்கணக்கான வாய்ப்புகள் உள்ளன என்று தோன்றினாலும், உண்மையில் முயன்று பார்க்க வேண்டியவை இந்த முப்பத்தாறாயிரம் சொச்சம்தான். ஒரு சாதாரண மடிக்கணினி இத்தனையையும் மிகக் குறைந்த நேரத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடும். மின்னஞ்சல் கணக்கைப்போல ஐந்து முறை தவறினால் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு பி.டி.எஃப்-க்குக் கிடையாது, ஏனெனில் கோப்பு ஏற்கெனவே உடைக்க நினைப்பவர் கையில் இருக்கிறது.

அரசுத் துறைகளே இப்படித்தானே செய்கின்றன என்று கேட்கலாம். வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவம் பிறந்த தேதியைக் கொண்டு திறக்கிறது. ஆண்டுத் தகவல் அறிக்கை, சிறிய எழுத்துகளில் பான் எண்ணும் அதைத் தொடர்ந்து பிறந்த தேதியும் சேர்ந்த சொல்லால் திறக்கிறது. இ-ஆதார், பெயரின் முதல் நான்கு எழுத்துகளைப் பெரிய எழுத்தில் எழுதிப் பிறந்த ஆண்டைச் சேர்த்தால் திறக்கிறது. ஆனால் இவை பெரும்பாலும் உரியவரே இணையத்தளத்தில் நுழைந்து தாமாகப் பதிவிறக்கிக்கொள்பவை. கோடிக்கணக்கானோருக்குத் தனித்தனியே கடவுச்சொல் சொல்லி அனுப்ப வழியில்லாததால் வகுத்த விதிகள். நூறு வாடிக்கையாளர்களை முகம் தெரிந்து வைத்திருக்கும் ஓர் அலுவலகத்துக்கு அந்த நெருக்கடி இல்லை. பான் அட்டையின் நகல் நகலகத்திலும் வங்கியிலும் வாடகை ஒப்பந்தத்திலும் கிடக்கும் நாட்டில், பான் எண்ணையும் பிறந்த தேதியையும் இரகசியம் என்று கருதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எனவே கடவுச்சொல் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும். மின்னஞ்சலில் அல்லாமல் வேறு வழியில் போய்ச் சேரவும் வேண்டும். அதே மின்னஞ்சலில் எழுதினால், தவறான முகவரிக்குப் போன கடிதமும், வேறு ஒருவர் கையில் சிக்கிய மின்னஞ்சல் கணக்கும், மகனுக்கோ நண்பருக்கோ "இதைக் கொஞ்சம் பார்" என்று அனுப்பிவைத்த கடிதமும் பூட்டைச் சாவியோடு கொடுத்துவிடுகின்றன. இரண்டாவது மின்னஞ்சலாகத் தனியே அனுப்பினாலும் பெரிய மாற்றம் இல்லை. இரண்டும் ஒரே பெட்டியில்தான் விழுகின்றன. குறுஞ்செய்தியோ தொலைபேசியோ நேரில் எழுதிக் கொடுத்த சீட்டோதான் உண்மையில் வேறு வழி.

இவற்றை மனத்தில் கொண்டு எழுதிய கடிதம் இப்படி அமையும்:

> பொருள்: வருமான வரிக் கணக்கீட்டுத் தாள், மதிப்பீட்டு ஆண்டு 2025-26
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். கடந்த செவ்வாய்க்கிழமை நீங்கள் எங்கள் அலுவலகத்தில் கொடுத்துச் சென்ற ஓய்வூதியச் சான்று, வங்கி வட்டிச் சான்றுகள் ஆகியவற்றைக் கொண்டு தயாரித்த வரிக் கணக்கீட்டுத் தாளை இத்துடன் இணைத்துள்ளோம். கோப்பின் பெயர் Computation_AY2025-26.pdf. மூன்று பக்கங்கள் கொண்டது. அளவு சுமார் 410 KB.
>
> இத்தாளில் உங்கள் பான் எண்ணும் வங்கிக் கணக்கு எண்களும் இருப்பதால், இம்மின்னஞ்சல் தவறுதலாக வேறு எவரிடமாவது சென்றுவிட்டாலும் அவர் படிக்க முடியாதபடி கோப்பைக் கடவுச்சொல்லால் பூட்டியிருக்கிறோம். பூட்டிய கோப்பின் உள்ளே இருப்பதை மின்னஞ்சல் நிறுவனத்தால் சோதிக்க முடியாது. ஆகவே இணைப்பின் அருகில் ஓர் எச்சரிக்கை தோன்றலாம்.
>
> கடவுச்சொல் இக்கடிதத்தில் இல்லை. நீங்கள் எங்களிடம் பதிவு செய்துள்ள கைப்பேசிக்கு இன்று மாலை 5 மணிக்குள் குறுஞ்செய்தியாக அனுப்புகிறோம்.
>
> திறப்பதற்கு: இணைப்பை முதலில் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். பிறகு அதைத் தொட்டால் கடவுச்சொல் கேட்கும் பெட்டி தோன்றும். குறுஞ்செய்தியில் உள்ளபடியே, எல்லாம் சிறிய ஆங்கில எழுத்துகளாக, இடைக்கோடுகளையும் சேர்த்து, நடுவில் இடைவெளி விடாமல் தட்டச்சு செய்து Open அல்லது OK என்பதை அழுத்துங்கள்.
>
> திறக்கவில்லை என்றாலோ, இக்கடிதம் எங்களிடமிருந்து வந்ததுதானா என்ற ஐயம் இருந்தாலோ, உங்களிடம் ஏற்கெனவே உள்ள எங்கள் அலுவலகத் தொலைபேசி எண்ணில் அழையுங்கள். இக்கோப்பைத் திறப்பதற்காக உங்கள் ஓ.டி.பி., வங்கி விவரம், மின்னஞ்சல் கடவுச்சொல் எதையும் நாங்கள் கேட்க மாட்டோம். எந்த இணைப்புச் சுட்டியையும் அழுத்த வேண்டியதில்லை.
>
> தாளைப் படித்து, வட்டித் தொகைகள் சரியாக உள்ளனவா என்பதை வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால் கணக்கைத் தாக்கல் செய்துவிடலாம்.
>
> இப்படிக்கு,
> (அனுப்புபவர் பெயர், அலுவலகத்தின் பெயர்)

கடிதத்தின் முதல் பத்தி அறிமுகத்துக்காக மட்டும் எழுதப்பட்டது அல்ல. பூட்டிய கோப்புகளைக் கேடு விளைவிப்போரும் அனுப்புகிறார்கள், அதுவும் மின்னஞ்சல் நிறுவனத்தின் சோதனை உள்ளே நுழையக் கூடாது என்பதற்காகவே. ஜிமெயில் Encrypted attachment warning என்று காட்டுவதற்கு இதுதான் காரணம். அப்படிப்பட்ட கடிதங்கள் பெரும்பாலும் "உங்கள் விலைப்பட்டியல்", "அவசர ஆவணம்" என்று பொதுவாகவே பேசும். செவ்வாய்க்கிழமை வந்ததும் எந்தச் சான்றுகளைக் கொடுத்தார் என்பதும் உண்மையான அலுவலகத்துக்கு மட்டுமே தெரியும். அந்த ஒரு விவரம் கடிதத்தின் மீது நம்பிக்கையை உண்டாக்குகிறது. எச்சரிக்கை தோன்றும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதும் அதற்காகத்தான். ஆனால் "எச்சரிக்கையைப் பொருட்படுத்தாதீர்கள்" என்று மட்டும் ஒருபோதும் எழுதக் கூடாது. நாளை வரும் போலிக் கடிதத்தின் எச்சரிக்கையையும் அவர் அதே பழக்கத்தில் தள்ளிவிடுவார். ஏன் தோன்றுகிறது என்று சொல்லுங்கள். ஐயம் இருந்தால் அழைக்கச் சொல்லுங்கள்.

அழைக்க வேண்டிய எண்ணை அந்த இடத்தில் எழுதாமல் விட்டதும் வேண்டுமென்றே செய்ததுதான். போலிக் கடிதம் எழுதுபவர் தம்முடைய எண்ணையே கொடுத்து, அழைப்பவரிடம் "ஆமாம், நாங்கள்தான் அனுப்பினோம்" என்று சொல்லிவிடலாம். வாடிக்கையாளரின் கைப்பேசியில் முன்பே பதிவாகியிருக்கும் எண், இரசீதில் அச்சிட்டிருக்கும் எண் ஆகியவற்றைப் போலிக் கடிதம் எழுதுபவரால் மாற்ற முடியாது.

கோப்பின் பெயரையும் பொருள் வரியையும் கவனியுங்கள். இரண்டிலும் பான் எண் இல்லை, ஆளின் பெயரும் இல்லை. பூட்டு கோப்பின் உள்ளடக்கத்தை மட்டுமே மறைக்கிறது; கோப்பின் பெயரும் மின்னஞ்சலின் பொருளும் வெளியே தெரிந்துகொண்டேதான் இருக்கும். பான் எண்ணையே கோப்பின் பெயராக வைத்து, அதே பான் எண்ணைக் கடவுச்சொல்லாகவும் இட்டு அனுப்பும் வழக்கம் பல இடங்களில் இருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

காரணத்தைச் சொல்லும் பத்தி மூன்றே வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. 2023-ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவலைக் காக்கும் பொறுப்பை அதைக் கையாளும் நிறுவனத்தின் மீது வைக்கிறது என்பது உண்மைதான். ஆயினும் வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதத்தில் சட்டத்தின் பெயரை இழுத்தால், அலுவலகம் தன்னைக் காத்துக்கொள்ள அவருக்குத் தொல்லை தருகிறது என்றே தோன்றும். "உங்கள் வங்கிக் கணக்கு எண் உள்ளே இருக்கிறது" என்பது எவருக்கும் உடனே விளங்கும் காரணம்.

இனி, குறுஞ்செய்தியில் செல்லும் கடவுச்சொல். சீரற்ற பன்னிரண்டு குறிகள் வலிமையானவைதான். ஆனால் கைப்பேசியைப் பார்த்து மடிக்கணினியில் தட்டச்சு செய்யும் அறுபத்தைந்து வயதுக்காரர் O என்ற எழுத்துக்கும் 0 என்ற எண்ணுக்கும், சிறிய l எழுத்துக்கும் 1 என்ற எண்ணுக்கும் நடுவில் திண்டாடுவார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து எளிய சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி, இடையே ஓர் எண்ணைச் சேர்ப்பது நல்ல வழி:

```
kadal-maram-5837-nilavu-padam
```

இது வடிவத்தைக் காட்டுவதற்கான எடுத்துக்காட்டு மட்டுமே. சொற்களைக் கண்ணை மூடிக்கொண்டு அகராதியைப் புரட்டி எடுப்பதைப்போலத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக இட வேண்டும். தமிழ்ச் சொற்களைத் தேர்ந்தெடுக்கும்போது நமக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வாழை என்பதை ஒருவர் vazhai என்றும் மற்றொருவர் vaazhai என்றும் இன்னொருவர் valai என்றும் எழுதுவார். குறுஞ்செய்தியில் எழுத்து கண்ணுக்குத் தெரிவதால் பெரிய தொல்லை இல்லை. தொலைபேசியில் வாய்மொழியாகச் சொல்வதாக இருந்தால் ழகரமும் நெடிலும் வரும் சொற்களைத் தவிர்த்துவிடுவதே நல்லது. அப்போதும் எழுத்தெழுத்தாகச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியில் அலுவலகத்தின் பெயரும் கடவுச்சொல்லும் போதும். எந்தக் கோப்பு, யாருடையது என்பவை அதில் வேண்டாம்.

திறக்கவில்லை என்ற அழைப்பு வந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கடவுச்சொல் கேட்கும் பெட்டி தோன்றுகிறதா என்பது. பெட்டியே தோன்றாமல் கோப்பு பழுதாகியிருப்பதாகச் செய்தி வந்தால், கடவுச்சொல்லில் குறை தேடிப் பயனில்லை. பதிவிறக்கம் பாதியில் நின்றிருக்கலாம். கடிதத்தில் 410 KB என்று அளவு எழுதியிருப்பது இதற்காகத்தான். அவர் கைப்பேசியில் 90 KB என்று காட்டினால் மீண்டும் பதிவிறக்கச் சொல்லலாம். பெட்டி இல்லாமல் வெறும் வெற்றுப் பக்கமோ, முன்னோட்டம் இல்லை என்ற செய்தியோ தெரிந்தால், அவர் மின்னஞ்சல் செயலிக்குள்ளேயே பார்க்க முயல்கிறார் என்று பொருள். பூட்டிய கோப்பை அந்த முன்னோட்டத்தால் காட்ட இயலாமல் போவது வழக்கம். பதிவிறக்கி, அடோபி ரீடரிலோ கணினியின் குரோம், எட்ஜ் உலாவிகளிலோ திறக்கச் சொன்னால் பெட்டி வந்துவிடும்.

பெட்டி தோன்றிக் கடவுச்சொல் தவறு என்று வந்தால், கைப்பேசியின் விசைப்பலகை முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் பி.டி.எஃப்-க்கு வெவ்வேறு. குறுஞ்செய்தியிலிருந்து நகலெடுத்து ஒட்டுபவர்களுக்கு இறுதியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வருவது உண்டு. தட்டச்சு செய்யும் எழுத்துகள் புள்ளிகளாக மறைக்கப்படுவதால் அது கண்ணுக்குத் தெரியாது. பெட்டியின் ஓரத்தில் கண் வடிவக் குறி இருந்தால் அதை அழுத்தினால் தட்டச்சு செய்தது தெரியும்.

முதலில் வந்த தலைமை ஆசிரியரின் அழைப்புக்குத் திரும்புவோம். அவர் பிறந்த தேதியைச் சரியாகத்தான் போட்டார், ஆனாலும் திறக்கவில்லை. ஜூன் 5, 1958 என்பதை அவர் 5658 என்றும் 050658 என்றும் 5-6-1958 என்றும் போட்டுப் பார்த்தார். கோப்பு எதிர்பார்த்தது 05061958. அந்த வடிவத்தைச் சொன்ன பிறகும் திறக்காமல் போகும் வாய்ப்பு அவர் தலைமுறையில் அதிகம். பள்ளியில் சேர்த்தபோது எழுதிய தேதி ஒன்று, வீட்டில் சொல்லும் தேதி ஒன்று என்று இரண்டு பிறந்த நாள்கள் உள்ளவர்கள் நம்மிடையே ஏராளம். பெயரைக் கடவுச்சொல்லில் சேர்த்தால் முன்னெழுத்தை எண்ணுவதா விடுவதா என்ற குழப்பமும் வருகிறது. இ-ஆதாருக்கு, P. KUMAR என்று பெயர் பதிவாகியிருந்து பிறந்த ஆண்டு 1990 ஆனால், கடவுச்சொல் P.KU1990, புள்ளியும் ஓர் எழுத்தாகவே கணக்கிடப்படுகிறது. இதை ஊகிக்கச் சொல்வதைவிட, ஊகிக்கத் தேவையில்லாத ஒரு சொல்லைக் குறுஞ்செய்தியில் அனுப்புவது வாடிக்கையாளருக்கும் எளிது, பாதுகாப்பும் அதிகம்.

கடவுச்சொல் தொலைந்துவிட்டால் மின்னஞ்சல் கணக்கைப்போல "மறந்துவிட்டேன்" என்று மீட்கும் வசதி பி.டி.எஃப்-க்கு இல்லை. அலுவலகம் தன்னிடமுள்ள பூட்டப்படாத மூலக் கோப்பைப் புதிய சொல்லால் பூட்டி மீண்டும் அனுப்புவதே வழி. வாடிக்கையாளர் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கிறார் என்று தெரிந்தால், கடிதத்தில் இன்னொரு வாக்கியம் சேர்க்கலாம். வங்கிகளின் பதிவேற்றப் பக்கங்கள் சில பூட்டிய கோப்பை ஏற்பதில்லை. அப்போது குரோமில் கடவுச்சொல் கொடுத்துத் திறந்து, Print அழுத்தி, Save as PDF என்று சேமித்தால் பூட்டில்லாத நகல் கிடைக்கும், அச்சிடத் தடை விதிக்கப்படாமல் இருந்தால். அந்த நகலை வேலை முடிந்ததும் அழித்துவிடச் சொல்ல வேண்டும்.

அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதை நான் ஒரு தவறிலிருந்து கற்றுக்கொண்டேன். மூலக் கோப்பும் பூட்டிய கோப்பும் ஒரே கோப்புறையில், ஏறக்குறைய ஒரே பெயரில் இருந்தன. பூட்டைப் பற்றி விரிவாக எழுதிய கடிதத்துடன் பூட்டாத கோப்பை இணைத்து அனுப்பிவிட்டேன். அந்த வாடிக்கையாளர் அழைத்து, கடவுச்சொல் கேட்கவே இல்லையே என்றார். அன்று முதல் பூட்டிய கோப்புகளுக்கு என்று தனிக் கோப்புறை வைத்திருக்கிறேன். கடிதத்தில் இணைத்த பிறகு, வரைவில் உள்ள அந்த இணைப்பையே பதிவிறக்கி, கடவுச்சொல் கேட்கிறதா என்று பார்த்து, குறுஞ்செய்தியில் அனுப்பப்போகும் சொல்லை அங்கிருந்தே நகலெடுத்து ஒட்டித் திறந்த பின்புதான் அனுப்புகிறேன்.